இத்தனை தவணை கட்டிவிட்டேன், அசல் இன்னும் எவ்வளவு பாக்கி?

வீட்டுக்கடன் வாங்கி ஐந்து வருடம் தவறாமல் இஎம்ஐ கட்டியவர்களுக்கு ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும், கடனை முடித்துவிடலாமா என்று தோன்றும். இல்லையென்றால் வேறு வங்கி குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லும். வங்கிக்குப் போய்க் கேட்டால், கவுன்டரில் இருப்பவர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், இன்னும் பதினேழே முக்கால் இருக்கு" என்பார். வாங்கியது இருபது லட்சம். அறுபது தவணை கட்டியாகிவிட்டது. அப்படியிருக்க எப்படி இவ்வளவு பாக்கி?

அந்தத் தொகை சரிதானா என்று வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கடனை எடுத்துக்கொள்வோம்: அசல் 20,00,000 ரூபாய், வருட வட்டி 9 சதவீதம், தவணைக்காலம் 20 வருடம், அதாவது 240 மாதங்கள். இதற்கு இஎம்ஐ 17,994.52 ரூபாய். அறுபது தவணை கட்டிய பிறகு பாக்கி அசல் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முதலில், எப்படிப் போடக் கூடாது

பலரும் மனசுக்குள் போடும் கணக்கு இரண்டு விதம். இருபது லட்சத்தை 240-ஆல் வகுத்தால் மாதம் 8,333 ரூபாய், அறுபது மாதத்துக்கு ஐந்து லட்சம், ஆகவே பதினைந்து லட்சம் பாக்கி என்பது ஒன்று. எல்லா மாதமும் அசல் ஒரே அளவில் குறைந்தால்தான் இது சரி. இஎம்ஐ கடனில் அப்படிக் குறைவதில்லை.

மீதி 180 தவணையை 17,994.52-ஆல் பெருக்கினால் 32 லட்சத்து 39 ஆயிரம் வருகிறது, அதுதான் பாக்கி என்பது இரண்டாவது. அந்தத் தொகைக்குள் இனிமேல் வரப்போகிற பதினைந்து வருட வட்டியும் சேர்ந்திருக்கிறது. இன்றைக்கே கடனை முடிப்பவர் அந்த வட்டியைக் கட்ட வேண்டியதில்லை. சரியான விடை இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

முதல் மூன்று மாதத்தைக் கையால் போடுங்கள்

சூத்திரத்துக்குப் போகும் முன் மூன்றே மூன்று வரியைக் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வருடத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.75 சதவீதம், அதாவது 0.0075. முதல் மாதம் கடன் முழுதாக 20,00,000 இருக்கிறது. அதற்கு ஒரு மாத வட்டி 15,000 ரூபாய். கட்டிய 17,994.52-இல் வட்டிக்கு 15,000 போனால், அசலில் கழிவது வெறும் 2,994.52. பாக்கி 19,97,005.48.

இரண்டாம் மாத வட்டி இந்தப் பாக்கிக்குத்தான்: 14,977.54. அசலுக்குப் போவது 3,016.98. பாக்கி 19,93,988.50.

மூன்றாம் மாதம் வட்டி 14,954.91, அசலுக்கு 3,039.61, பாக்கி 19,90,948.89.

இதே மாதிரி அறுபது வரி எழுதினால் விடை வந்துவிடும். பொறுமை இருந்தால் அதுவே முழுமையான வழி. ஆனால் அந்த மூன்று வரியில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அசலுக்குப் போன தொகையை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 2,994.52, பிறகு 3,016.98, பிறகு 3,039.61. முதல் மாதத்துக்கும் இரண்டாம் மாதத்துக்கும் வித்தியாசம் 22.46 ரூபாய். இது எங்கிருந்து வந்தது? முதல் மாதம் 2,994.52 ரூபாய் அசலை அடைத்துவிட்டோம். அந்தத் தொகைக்கு இனி வட்டி இல்லை. அதன் ஒரு மாத வட்டி 22.46 ரூபாய். இஎம்ஐ மாறாததால், வட்டியில் மிச்சமான அந்த 22.46 அப்படியே அசல் பக்கம் போய்ச் சேர்கிறது.

அதாவது அசலுக்குப் போகும் பங்கு மாதா மாதம் 0.75 சதவீதம் வளர்கிறது, 1.0075 மடங்காக. வட்டி விகிதமும் இஎம்ஐயும் மாறாதவரை இது கடைசித் தவணை வரை பிசகாது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கணக்கு எளிது.

ஒரே வரியில் பாக்கி அசல்

அறுபது மாதத்தில் அசலில் மொத்தம் எவ்வளவு கழிந்தது? முதல் மாதப் பங்கு 2,994.52. அடுத்தது அதன் 1.0075 மடங்கு, அதற்கடுத்தது மறுபடியும் 1.0075 மடங்கு, இப்படி அறுபது எண்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்குத் தொடர் வரிசைதான் இது. அதன் கூட்டுத்தொகைக்கான சூத்திரத்தை இந்தக் கணக்குக்கு ஏற்ற மாதிரி எழுதினால் இப்படி வரும்:

```
கழிந்த அசல் = A × ((1 + r)^k − 1) ÷ r
பாக்கி அசல் = P − கழிந்த அசல்
```

இதில் P என்பது வாங்கிய கடன், r என்பது மாத வட்டி (0.0075), k என்பது கட்டி முடித்த தவணைகள் (60). A என்பது முதல் தவணையில் அசலுக்குப் போன பங்கு (2,994.52). இஎம்ஐயிலிருந்து P × r-ஐக் கழித்தால் A கிடைத்துவிடும்.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். போனைப் படுக்க வைத்தாலோ, சயின்டிபிக் முறைக்கு மாற்றினாலோ அடுக்குப் போடும் பொத்தான் தெரியும். 1.0075-ஐ அடித்து, அந்தப் பொத்தானை அழுத்தி, 60 என்று கொடுங்கள். 1.565681 என்று வரும். அதில் ஒன்றைக் கழித்தால் 0.565681. அதை 0.0075-ஆல் வகுத்தால் 75.4241. இந்த 75.4241-க்கு ஒரு பொருள் இருக்கிறது. அசல் பங்கு வளராமல் ஒரே அளவில் இருந்திருந்தால் இந்த இடத்தில் வெறும் 60 இருந்திருக்கும். மாதா மாதம் வளர்ந்ததால்தான் அது 75.42 ஆகியிருக்கிறது. உங்கள் கணக்கில் இந்த எண் கட்டிய தவணைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக வந்தால், எங்கோ தப்பாக அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

2,994.52-ஐ 75.4241-ஆல் பெருக்கினால் 2,25,859 ரூபாய். ஐந்து வருடத்தில் அடைந்த அசல் இவ்வளவுதான். இருபது லட்சத்தில் இதைக் கழித்தால் 17,74,141. கவுன்டரில் சொன்ன பதினேழே முக்கால் லட்சம் சரிதான்.

கட்டியதோ அறுபது தவணையில் 10,79,671 ரூபாய். அதில் 8,53,812 வட்டிக்கே போய்விட்டது. கேட்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இதில் வங்கி ஏமாற்றிய கணக்கு ஏதும் இல்லை. நீண்ட காலக் கடனில் முதல் பாதி இப்படித்தான் நகரும். இதே கடனில் பாக்கி அசல் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்குவது 168-ஆவது தவணையில், அதாவது பதினான்கு வருடம் முடியும்போதுதான். மீதிப் பாதி கடைசி ஆறு வருடத்தில் அடைபடும்.

பின்ன எண்களைச் சுருக்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. 1.565681-ஐ 1.5657 என்று வைத்துக்கொண்டு, இஎம்ஐயை வைத்துக் கணக்கிடும் நீளமான சூத்திரத்தில் (கீழே வருகிறது) போட்டால் விடையில் எட்டு ரூபாய்தான் வித்தியாசம் வரும். 1.57 என்று சுருக்கினால் 1,700 ரூபாய்க்கு மேல் இடிக்கும். மாத வட்டியிலும் இதே சிக்கல் உண்டு. 8.5 சதவீத வட்டியை 12-ஆல் வகுத்தால் 0.708333 என்று நீண்டுகொண்டே போகும். அதை 0.71 என்று எழுதி ஆரம்பித்தால் விடை ஒத்துவராது. கடைசி வரிக்கு வரும்வரை எதையும் சுருக்க வேண்டாம்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில்

கணினி இருந்தால் இன்னும் சுலபம். ஏதாவது ஒரு கட்டத்தில் இதை அடியுங்கள்:

```
=FV(9%/12, 60, 17994.52, -2000000)
```

விடை 17,74,141 என்று வரும். கடன் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைக் கவனியுங்கள். கையில் வந்த பணத்துக்கும் கையிலிருந்து போகிற பணத்துக்கும் எதிரெதிர்க் குறி வேண்டும் என்பது அந்த மென்பொருளின் விதி. குறியை விட்டுவிட்டால் நாற்பத்துநான்கு லட்சம் என்று ஏதோ ஒரு எண் வந்து பயமுறுத்தும்.

இதே விடையை மறுபக்கத்திலிருந்தும் எடுக்கலாம். இனிமேல் கட்ட வேண்டிய 180 தவணைகளின் இன்றைய மதிப்புதான் பாக்கி அசல்:

```
=PV(9%/12, 180, -17994.52)
```

இதிலும் அதே 17,74,141. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் தவணை எண்ணிக்கையை எங்கும் தவறாக எண்ணவில்லை என்று நம்பலாம். ஆனால் இந்த இரண்டாவது வழி, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் சரிப்படும். வட்டி மாறிய கடனில் அந்த எண்ணிக்கையே மாறிப்போயிருக்கும். அதனால் முதல் வழியையே பழக்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

வங்கி அறிக்கையில் ஒரே வரியை வைத்துச் சரிபார்ப்பது

முழுக் கணக்கும் போட நேரமில்லாதபோது ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடன் கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் வட்டி, அசல் என்று பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். ஒரு தவணையின் வட்டிப் பகுதியை மாத வட்டி விகிதத்தால் வகுத்தால், அந்தத் தவணை கட்டுவதற்கு முன் இருந்த பாக்கி அசல் கிடைத்துவிடும். நம் கடனில் 61-ஆவது தவணையின் வட்டி 13,306.06. அதை 0.0075-ஆல் வகுத்தால் 17,74,141. அவ்வளவுதான்.

இது சரியாக ஒத்துப்போகாவிட்டால் உடனே வங்கி மீது சந்தேகப்பட வேண்டாம். சில வங்கிகள் மாதத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காக எடுத்துக்கொள்ளாமல் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. 17,74,141 ரூபாய்க்கு 9 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 437.46 ரூபாய். 31 நாள் மாதத்தில் அது 13,561 ஆகும், 28 நாள் பிப்ரவரியில் 12,249 ஆகும். அறிக்கையில் வட்டிப் பகுதி ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் இறங்கிப் போனால் உங்களுடையது நாள் கணக்கு என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது வட்டியை அந்த மாதத்து நாட்களால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, வருட வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். பாக்கி சரியாக வரும்.

இன்னொரு சின்ன வித்தியாசம், வங்கி இஎம்ஐயை முழு ரூபாயாக்குவதால் வருவது. 17,994.52-க்குப் பதில் 17,995 வசூலித்தால், அறுபது தவணைக்குப் பிறகு பாக்கி 36 ரூபாய் குறைந்து 17,74,105 ஆகும். உங்கள் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் பத்து, ஐம்பது ரூபாய் இடித்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். சில ஆயிரங்கள் இடித்தால் கட்டாயம் துரத்த வேண்டும்.

வட்டி நடுவில் மாறியிருந்தால்

உண்மையில் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். நம் நாட்டில் வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்களை வங்கிகளுக்குத் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டியான ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. அதோடு சேர்ந்து லட்சக்கணக்கான குடும்பங்களின் கடன் வட்டியும் ஏறியது. பலருக்கு இஎம்ஐ மாறவில்லை, அதனால் எதுவுமே நடக்காதது போல் இருந்தது. ஆனால் உள்ளே தவணைக்காலம் நீண்டுகொண்டே போனது.

வட்டி மாறிய கடனுக்கு ஒரே சூத்திரத்தை முழு அறுபது மாதத்துக்கும் போடக் கூடாது. வட்டி மாறிய இடத்தில் கணக்கை வெட்டி, இரண்டு தனிக் கடன்களைப் போலப் போட வேண்டும். நம் கடனிலேயே பார்ப்போம். முதல் 24 தவணை 9 சதவீதம். அப்புறம் வட்டி 10 சதவீதமாக ஏறியது, இஎம்ஐ அதே 17,994.52 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் துண்டு: 24 தவணைக்குப் பிறகு பாக்கி 19,21,578. இதை மேலே சொன்ன வழியில் k-க்கு 24 கொடுத்தால் பெறலாம்.

இரண்டாம் துண்டு: 19,21,578 ரூபாய்ப் புதுக்கடன் ஒன்று இன்று 10 சதவீத வட்டிக்குத் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 0.0083333. முதல் மாத வட்டி 16,013. இஎம்ஐயில் மிச்சம் அசலுக்குப் போவது வெறும் 1,981 ரூபாய். வட்டி ஏறாமல் இருந்திருந்தால் அதே மாதம் 3,583 ரூபாய் அசலுக்குப் போயிருக்கும். வட்டி ஏறியது ஒரே ஒரு சதவீதம்தான், அசல் அடைபடும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இந்த இடத்தில் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். வட்டி இன்னும் ஒன்றேகால் சதவீதம் ஏறினால் மாத வட்டியே இஎம்ஐயைத் தாண்டிவிடும். பிறகு தவணை கட்டக் கட்டக் கடன் குறையாது, கூடும்.

மீதி 36 தவணையையும் கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு என்று ஷீட்டில் பார்த்தால்:

```
=FV(10%/12, 36, 17994.52, -1921578)
```

விடை 18,38,793. வட்டி மாறாமல் இருந்திருந்தால் 17,74,141. வித்தியாசம் 64,652 ரூபாய். கையால் போட விரும்புகிறவர்களுக்கு, இந்தக் கட்டளை உள்ளே செய்வது இதைத்தான்:

```
பாக்கி = B × (1 + r)^k − EMI × ((1 + r)^k − 1) ÷ r
```

இங்கே B என்பது துண்டு தொடங்கும்போது இருந்த பாக்கி. முதல் பகுதி, எதையுமே கட்டாமல் விட்டிருந்தால் கடன் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பது. இரண்டாம் பகுதி, கட்டிய தவணைகள் தம் வட்டியோடு சேர்ந்து அதில் எவ்வளவைத் தின்றன என்பது. முந்தைய சூத்திரமும் இதுவும் ஒன்றேதான், எழுதும் முறை மட்டும் வேறு.

இந்தக் கடனில் 60 தவணைக்குப் பிறகு இன்னும் எத்தனை பாக்கி? ஷீட்டில் `=NPER(10%/12, -17994.52, 1838793)` என்று கேட்டால் 229.9 என்று சொல்லும். அதாவது 230 தவணை. 180 என்று நினைத்திருந்தவருக்கு இன்னும் நான்கு வருடத்துக்கு மேல் கூடியிருக்கிறது. யாராவது பழைய 180-ஐயே வைத்து PV வழியில் கணக்குப் போட்டால் பாக்கி தவறாக வரும், அதுவும் குறைவாக வரும் என்பதால்தான் அந்த வழியைப் பற்றி முன்பே எச்சரித்தேன்.

2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி இதற்காகவே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது அதன் விளைவைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்வு செய்யும் உரிமை தர வேண்டும் என்றது. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் அதுவரை வசூலான அசல், வட்டி, இஎம்ஐ தொகை, மீதி தவணைகள், முழுக்காலத்துக்கான வருட வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த அறிக்கையைப் பெறாதவர்கள் கேட்டு வாங்கலாம். நீங்கள் போட்ட கணக்கை அதோடு ஒப்பிட்டால் போதும், வட்டி எந்தத் தேதியில் எவ்வளவு மாறியது என்ற விவரம் மட்டும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

இடையில் ஒரு லட்சம் மொத்தமாகக் கட்டியிருந்தாலும் இதே வெட்டும் முறைதான். கட்டிய நாளில் பாக்கியில் ஒரு லட்சத்தைக் கழித்துவிட்டு, அங்கிருந்து புதுத் துண்டு தொடங்குங்கள். அறுபதாவது தவணையோடு கட்டினால் புதுத் துண்டு 16,74,141-இல் தொடங்கும், அடுத்த மாத வட்டி 750 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்தப் பணம் அசலில் வரவு வைக்கப்படவில்லை. அதை அந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

தவணைகளை எண்ணும்போது

k எவ்வளவு என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குக் கடன் வாங்கியவர்கள் இதில் தடுமாறுவார்கள். வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாக விடுவித்துக்கொண்டிருக்கும் காலத்தில், விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் வசூலிப்பது உண்டு. ப்ரீ-இஎம்ஐ என்பார்கள். அதில் ஒரு ரூபாய்கூட அசலுக்குப் போவதில்லை. ஒன்றரை வருடம் ப்ரீ-இஎம்ஐயும், மூன்றரை வருடம் முழு இஎம்ஐயும் கட்டியவருக்கு k என்பது 42, அறுபது அல்ல. முழு இஎம்ஐ முதன்முதலில் பிடிக்கப்பட்ட மாதத்திலிருந்து எண்ணுங்கள்.

நடுவில் ஒரு தவணை தவறிப்போயிருந்தால் அந்த மாதத்தையும் தனித் துண்டாக வைக்க வேண்டும். அந்த மாதம் பாக்கி குறையவில்லை, வட்டி மட்டும் ஏறியிருக்கிறது. ஒன்றிரண்டு தவறியிருந்தால் சூத்திரத்தை விட்டுவிட்டு ஷீட்டில் மாதம் மாதமாக வரி எழுதுவதே நிம்மதி.

பிளாட் வட்டிக் கடன் வேறு ரகம்

இருசக்கர வாகனக் கடன், சில தனியார் நிதி நிறுவனக் கடன்கள் போன்றவற்றில் "பத்து சதவீதம் பிளாட்" என்பார்கள். ஒரு லட்சத்துக்கு இரண்டு வருடத்துக்கு 20,000 வட்டி, மொத்தம் 1,20,000, மாதம் 5,000 வீதம் 24 தவணை. இங்கே 10 சதவீதத்தை மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் விடை தப்பாகத்தான் வரும், ஏனென்றால் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குப் போடும் உண்மையான வட்டி அது அல்ல. முதலில் உண்மையான விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்:

```
=RATE(24, -5000, 100000)
```

மாதம் 1.513 சதவீதம் என்று வரும், 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 18.16 சதவீதம். இதை வைத்து, 12 தவணைக்குப் பிறகு பாக்கியைக் கணக்கிட்டால் சுமார் 54,500 ரூபாய். பாதித் தவணை முடிந்ததால் 50,000 என்று நினைப்பதும் தப்பு, மீதி 12 தவணை 60,000 முழுவதையும் கட்டச் சொன்னால் அதை அப்படியே ஒப்புக்கொள்வதும் தப்பு. முன்கூட்டி முடிக்கும்போது வட்டியை எப்படிக் கழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே அந்தப் பத்தியைப் படிப்பது அவசியம்.

பாக்கி அசலும் முடிக்கும் தொகையும்

பாக்கி அசலைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதே தொகைக்குச் செக் எழுதிக்கொண்டு போனால் கணக்கு முடியாது. கடைசித் தவணைக்கும் முடிக்கும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டியைச் சேர்க்க வேண்டும். நம் கடனில் அறுபதாவது தவணை 5-ஆம் தேதி பிடிக்கப்பட்டு, நீங்கள் 18-ஆம் தேதி முடிக்கப் போனால் 13 நாள். ஒரு நாளுக்கு 437.46 வீதம் 5,687 ரூபாய். ஆக 17,74,141-உடன் சேர்த்து 17,79,828.

அதற்கு மேல் வங்கி ஏதாவது கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். தவறிய தவணைக்கான அபராதம், செக் திரும்பிய கட்டணம் போன்றவை இருக்கலாம். தனிநபர் தன் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிலையான வட்டிக் கடனுக்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

கடன் முடிப்புக் கடிதம் வாங்கும்போது அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதி வரைக்கும் அந்தத் தொகை செல்லும், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு கூடும், அசலும் வட்டியும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா. அந்த நாள் வட்டியை 365-ஆல் பெருக்கி, அசலால் வகுத்தால் உங்கள் வட்டி விகிதம் வர வேண்டும். 437.46-ஐ 365-ஆல் பெருக்கினால் 1,59,673. அதை 17,74,141-ஆல் வகுத்தால் 0.09. கடிதத்தில் உள்ள இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, உங்கள் ஷீட்டில் வந்த அசலோடும் பொருந்துகின்றன என்றால் பணத்தைக் கட்டலாம். கட்டும் நாளிலேயே வங்கிக் கணக்கில் வரப்போகும் அடுத்த இஎம்ஐ பிடித்தத்தை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முடிந்துபோன கடனுக்கும் 17,994 ரூபாய் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வரும்.